கடைசி இரவின் இருப்புக் கணக்கு

கடையை நிரந்தரமாக மூடுவதற்கு முந்தைய இரவில் எடுக்கும் சரக்கு இருப்புக் கணக்கும், ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று எடுக்கும் கணக்கும் எண்ணுகிற முறையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கில் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு மீதி, அதன் அடக்க விலை என்ன என்று எழுதினால் போதும். மறுநாளும் கடை திறக்கும். இந்த மாதம் போகாத சரக்கு அடுத்த மாதம் போய்விடும் என்ற நம்பிக்கை அந்த விலைக்குப் பின்னால் இருக்கிறது. மூடுகிற கடைக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை எழுத வேண்டியிருக்கிறது: வாங்கியபோது கொடுத்த விலை ஒன்று, இப்போது கைக்கு வரக்கூடிய விலை இன்னொன்று. கடைக்காரரின் கடைசி இரவு இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில்தான் கழிகிறது.

இதை விளக்க ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் ஒரு குடியிருப்புத் தெருவில் உள்ள சிறிய மளிகைக் கடை அது. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டதால் ஆகஸ்ட் 31 இரவோடு கடை முடிகிறது. கீழே வரும் தொகைகள் அந்த மாதிரிக் கடைக்கானவை. முறை எந்த மளிகைக் கடைக்கும் பொருந்தும்.

எண்ணத் தொடங்கும் முன்

எண்ணிக்கை சரியாக வர வேண்டுமானால் எண்ணும்போது சரக்கு அசையக் கூடாது. எனவே இரவு எட்டு மணிக்கு வியாபாரத்தை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறார் கடைக்காரர். கடைசியாகப் போட்ட விற்பனை பில்லின் எண்ணையும், கடைசியாக வந்த கொள்முதல் பில்லின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். சரக்கு வந்து இறங்கியிருந்தும் பில் பதியப்படாமல் இருந்தால், அல்லது பில் போட்ட சரக்கை வாடிக்கையாளர் இன்னும் எடுத்துப் போகாமல் இருந்தால், கணக்கு அந்த அளவுக்குப் பிசகும். இந்த இரண்டு எண்களும் இருந்தால் எது எந்தப் பக்கம் சேரும் என்ற சந்தேகம் பிறகு வராது.

அடுத்து, கடைக்குள் இருப்பதில் தனக்குச் சொந்தமில்லாததைப் பிரிக்க வேண்டும். குளிர்பான நிறுவனம் தந்த குளிர்பதனப் பெட்டி, பால் ட்ரேக்கள், சோடா கிரேட்டும் காலி பாட்டில்களும், பக்கத்து வீட்டு அம்மா விற்றுத் தரச் சொல்லி வைத்த அப்பளக் கட்டு ஆகிய எதுவும் இருப்பில் சேராது. பல ஆண்டுகள் கண்ணெதிரே நிற்பதால் இவை தன்னுடையவை போலவே தோன்றிவிடும். காலி பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் கடைக்காரர் முன்பணம் கட்டியிருந்தால், அந்தப் பணம் வரவேண்டிய பாக்கியாகத் தனியே எழுதப்படும். இவற்றையெல்லாம் வாசலோரம் ஒதுக்கிவிட்ட பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும்.

ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத

இருப்பு எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் எண்ணுவதும் எழுதுவதுமாக இருந்தால், குனிந்து நிமிர்வதற்குள் எந்த அடுக்கில் விட்டோம் என்பது மறந்துபோகும். வாசலுக்கு இடப்பக்கத்து ரேக்கின் மேல்தட்டில் தொடங்கி, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகக் கடையைச் சுற்றி வந்து, கடைசியில் பரணுக்குப் போவது வழக்கம். எண்ணி முடித்த தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு விழும். ஒரே பொருள் ரேக்கிலும் இருக்கும், பரணிலும் இருக்கும். பொருள்வாரியாகத் தேடிப் போனால் ஒன்று விட்டுப்போகும் அல்லது இரண்டு முறை சேர்ந்துவிடும். இடவாரியாகப் போனால் அந்தத் தவறு நேராது.

பாக்கெட் சரக்கு எளிது. தட்டுத்தட்டாக எண்ணினால் முடிந்தது. ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள் போன்ற சரங்களில் மட்டும் கவனம் தேவை. பாதி கிழித்து விற்ற சரத்தை முழுச் சரமாக எழுதிவிடக் கூடாது. பிரித்துத் தனித்தனியாக எண்ண வேண்டும். சில்லறைச் சரக்குக்குத் தராசு இல்லாமல் வேலை ஆகாது. மாதிரிக் கடையில் அது இப்படி நடக்கிறது:

“துவரம்பருப்பு, பிரிக்காத சிப்பம் ஒண்ணு. பிரிச்சது பதினொண்ணு நானூறு.”

“சாக்கோடவாங்க?”

“சாக்கோடதான். பிளாஸ்டிக் சாக்கு, நூறு கிராம் கழிச்சுக்கோ.”

“அப்ப பதினொண்ணு முந்நூறு. அடுத்தது சொல்லுங்க.”

சாக்கைக் கழிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். பிளாஸ்டிக் சாக்கு நூறு கிராம் அளவில் இருக்கும். சணல் கோணி என்றால் அரைக் கிலோவுக்கு மேல் போகும். பத்துக் கோணிகளில் கழிக்காமல் விட்டால் ஐந்தாறு கிலோ பருப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

எண்ணெயில் வேறு ஒரு சிக்கல் உண்டு. சில டின்கள் 15 கிலோ, சில டின்கள் 15 லிட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும் என்பதால் 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. லிட்டர் டின்னைக் கிலோக் கணக்கில் எழுதினால் டின்னுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கூடுதலாக விழும். டின்னின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, லிட்டரா கிலோவா என்று பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

எடை தானாகவே மாறும் சரக்கும் இருக்கிறது. வற்றல் மிளகாயும் புளியும் காயக் காய எடை குறையும். கல் உப்பு மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கனக்கும். கற்பூரம் திறந்த டப்பாவில் கிடந்தால் உருகாமலே ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். மாதிரிக் கடையின் பூஜைப் பொருள் தட்டில் நூறு கிராம் என்று எழுதிய கற்பூரப் பாக்கெட்டுகள் எட்டு இருக்கின்றன. அவற்றில் மூன்றின் உறை பிரிந்திருக்கிறது. தராசில் வைத்துப் பார்த்தால் மூன்றும் சேர்ந்து இருநூற்றுப் பத்து கிராம். பாக்கெட்டை எண்ணியிருந்தால் எட்டு என்று போயிருக்கும். எடை போட்டதால் தொண்ணூறு கிராம் காற்றில் போனது தெரிகிறது.

எழுதும்போதே தேதியும் பார்க்கப்படுகிறது. காலாவதித் தேதி முடிந்த உணவுப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். கடை மூடுகிறது என்பதற்காகச் சலுகை விலையில் தள்ளிவிடவும் முடியாது. அவை ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும். வண்டு விழுந்த ரவை, கசிந்து ஒட்டிய வெல்லம், எலி கடித்த பிஸ்கட் பாக்கெட் எல்லாம் அதே பெட்டியில் சேரும். இவற்றையும் எழுதத்தான் வேண்டும். பணம் போன வழி கணக்கில் தெரிய வேண்டுமானால் வீணானதும் ஏட்டில் இருக்க வேண்டும்.

கடையைச் சுற்றி முடித்ததும், எழுதியவர் எண்ணவும் எண்ணியவர் எழுதவுமாக மாறி, ஏதாவது பத்துப் பொருள்களை மறுபடி பார்க்கிறார்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் பொருந்தாமல் போனால் அந்த ரேக்கை முழுதாகத் திரும்ப எண்ண வேண்டும். விலை போட்ட பிறகு, பெரிய தொகை விழுந்த வரிகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. 24 சோப்பு உள்ள பெட்டியின் விலையை ஒரு சோப்பின் விலையாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த வரி மற்ற வரிகளைவிடப் பல மடங்கு பெரிதாக நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இருக்க வேண்டியதும் இருப்பதும்

எண்ணி முடித்து அடக்க விலையில் கூட்டினால் மாதிரிக் கடையில் 1,82,000 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. இது சரிதானா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஏப்ரல் 1 அன்று இருந்த சரக்கு 3,10,000 ரூபாய். அதன் பிறகு வாங்கியது 6,40,000. விற்றது 8,40,000. நூறு ரூபாய் விற்பனையில் பத்து ரூபாய் லாபம் என்பது இந்தக் கடையின் சராசரி. ஆகவே விற்ற சரக்கின் அடக்கம் 7,56,000. முதல் இரண்டையும் கூட்டி இதைக் கழித்தால் 1,94,000 வரும். ரேக்குகளில் அவ்வளவு இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 12,000 குறைவு.

குறைவு என்றதும் திருட்டு என்று முடிவுகட்டத் தேவையில்லை. குடும்பமே நடத்தும் மளிகைக் கடையில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுச் சமையலறை. பில் போடாமல் வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி, பருப்பு, எண்ணெய் மாதம் 1,600 ரூபாய் என்று வைத்தால், ஐந்து மாதத்துக்கு 8,000. மீதி 4,000 ரூபாய் உலர்ச்சி, சிந்தல், எடையில் கூடுதலாகப் போனது, கடன் நோட்டில் ஏறாமல் விட்டது ஆகியவற்றில் கரைந்திருக்கலாம். எட்டு லட்சத்துக்கு மேல் விற்ற கடையில் இது இயல்பான சேதாரம். இதுவே நாற்பதாயிரம் என்று வந்திருந்தால், சராசரி லாபம் பத்து என்று நினைத்ததே தவறா, அல்லது தராசில் பிசகா என்று தேட வேண்டியிருக்கும். தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் ஒன்று போதும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகத்தான்.

இரண்டாவது விலை

இனி வருவதுதான் மூடுகிற கடைக்கே உரிய வேலை. கணக்கியலில் சரக்கை அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் நிகர விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடுவது பொதுவிதி. அடக்க விலையில் எழுதும் வசதி, தொழில் தொடர்ந்து நடக்கும் என்பதால் கிடைப்பது. கூட்டு வணிகம் ஒன்று கலைக்கப்பட்டுத் தொழிலும் நின்றுபோனால், இருப்பைச் சந்தை விலையில்தான் மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஏ.எல்.ஏ. ஃபர்ம் வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1961இல் ராமாச்சாரி வழக்கில் சொன்னதும் இதுவே. சந்தை விலை அடக்கத்தைவிடக் கூடவும் இருக்கலாம். பழைய நகையோ நிலமோ இருப்பாக உள்ள தொழிலில் அப்படி நடக்கும். மளிகையில் பெரும்பாலும் கீழேதான் போகும்.

மாதிரிக் கடைக்காரர் தன் சரக்கை நான்காகப் பிரிக்கிறார். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவை 68,000 ரூபாய். இவற்றை எந்தக் கடையும் வாங்கிக்கொள்ளும். அடுத்த தெருக் கடைக்காரர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தருகிறார். கிடைப்பது 64,600. அடுத்தது பெயர்பெற்ற நிறுவனங்களின் பாக்கெட் சரக்கு, 71,000 ரூபாய். இதில் 18,000 ரூபாய்ச் சரக்கை ஏஜென்சிகள் வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய 53,000 ரூபாய்ச் சரக்குக்குத் தேதி நெருங்குகிறது. எண்பது விழுக்காட்டில் 42,400 வரும். மூன்றாவது, போகாமல் தேங்கிய சரக்கு: பிளாஸ்டிக் டப்பா, நோட்டுப் புத்தகம், பூஜைச் சாமான், பள்ளி திறந்தபோது வாங்கி மிஞ்சிய உறைகள். அடக்கம் 31,000. இதை மொத்தமாக எடுப்பவர் நாற்பது விழுக்காடுதான் தருவார், 12,400. நான்காவது அந்த அட்டைப்பெட்டி. அடக்கம் 12,000, கிடைப்பது ஒன்றுமில்லை.

நான்கையும் கூட்டினால் 1,37,400. நோட்டில் இருந்த 1,82,000 இங்கே 44,600 ரூபாய் இறங்கியிருக்கிறது. இந்த இறக்கத்தில் பாதிக்கு நெருக்கமானது, அதாவது 18,600 ரூபாய், தேங்கிய சரக்கில் மட்டும் நேர்ந்தது. அந்தப் பணம் இன்றிரவு போனதன்று. அந்தச் சரக்கு விற்காமல் நின்ற மாதங்களிலேயே போய்விட்டது. வழக்கமான ஆண்டுக் கணக்கில் அடக்க விலையே எழுதி வந்ததால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

மூடுவது முன்கூட்டியே தெரிந்தால் இந்த இழப்பைக் குறைக்க வழி இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் முன்பே ஏஜென்சிகளிடம் சொல்லிவிட்டால் அதிகச் சரக்கைத் திரும்ப எடுப்பார்கள். கடைசி வாரத்தில் சொன்னால் மறுப்பார்கள். தேங்கிய சரக்கை முதலில் விற்க வேண்டும், அரிசி பருப்பைக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமாகப் போகும் சரக்கைக் கொள்முதல் செய்யாமல் நிறுத்திவிடுவதால் வாடிக்கையாளர் வருவது நின்றுபோகிறது; அவர்கள் கையோடு வாங்கிப்போயிருக்கக்கூடிய தேங்கிய சரக்கும் அப்படியே நின்றுவிடுகிறது.

கடன் நோட்டு

ரேக்கில் இல்லாத சரக்கும் உண்டு. அது வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய், பணம் வராமல் நிற்பது. மாதிரிக் கடையின் கடன் நோட்டில் மொத்தம் 46,000 ரூபாய் பாக்கி. இதை இருப்போடு கூட்டாமல் தனியே, பெயர்வாரியாகவும் தேதிவாரியாகவும் பட்டியலிட வேண்டும். தேதி ஏன் முக்கியம் என்றால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் இருக்கின்றன. அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் ‘இவ்வளவு தரவேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். நூற்றுக்கணக்கில் நிற்கும் மளிகைப் பாக்கிக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை. ஆனாலும் கடை இடம் மாறும் முன் பாக்கியைக் காட்டி நோட்டிலேயே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வது, பிறகு தொகை பற்றிய தகராறு வராமல் காக்கும்.

நோட்டைப் புரட்டினால், தெருவை விட்டுப் போனவர்கள், மூன்று ஆண்டு கடந்த வரிகள் எல்லாம் சேர்ந்து 22,000. வரக்கூடியது என்று கடைக்காரர் நம்புவது 24,000. அதையே அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

வரிப் பதிவை முடித்தல்

பதிவு செய்யாத சிறு கடைகளுக்குச் சரக்கு சேவை வரியில் செய்ய வேண்டியது எதுவுமில்லை. பதிவு செய்து, வாங்கிய சரக்கின் வரியை வரவு வைத்துக்கொண்ட கடைக்கோ இந்த இரவின் கணக்கு சட்டத்துக்கே தேவைப்படுகிறது. பதிவு ரத்தாகும் தேதிக்கு முந்தைய நாளில் கையிருப்பில் உள்ள சரக்குக்கு, முன்பு எடுத்த வரி வரவு, அல்லது அந்தச் சரக்கை விற்றால் கட்ட வேண்டிய வரி, இரண்டில் எது அதிகமோ அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். சில்லறை அரிசி, பருப்பு போன்ற வரியில்லாத சரக்கில் எடுத்த வரவு எதுவும் இல்லை. பாக்கெட் சரக்கில்தான் இது பொருந்தும்.

சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. அதற்கு முன் வாங்கிய 4,000 ரூபாய்ச் சோப்பு இன்னும் ரேக்கில் இருந்தால் அதில் எடுத்த வரவு 720 ரூபாய். ரத்தாகும் தேதிக்குப் பிறகும் அது கையில் நின்றால் 720 ரூபாயையும் கட்ட வேண்டும். முன்பே பில் போட்டு அடுத்த கடைக்கு விற்றுவிட்டால் 5 விழுக்காட்டு வரியோடு முடிந்துவிடும். எனவே சரக்கைக் கைமாற்றிய பிறகு வரும் நாளையே ரத்துக்கான தேதியாகக் காட்டுவது சிக்கனம்.

பதிவை ரத்து செய்யும் விண்ணப்பத்தைக் கடை மூடிய 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ரத்தான தேதி, ரத்து உத்தரவு வந்த தேதி ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவம் கேட்பது கையிருப்புச் சரக்கின் பட்டியலைத்தான். அன்றிரவு எண்ணி எழுதிய நோட்டு இல்லாதவர்கள் அந்த இடத்தில் ஊகமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, பின்னால் விளக்கம் கேட்டு வரும் நோட்டீசுக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடுகிறார்கள்.

முடிவில் நிற்கும் தொகை

இப்போது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுத முடியும். சரக்கில் கைக்கு வருவது 1,37,400. கடன் நோட்டில் வரக்கூடியது 24,000. ரேக், தராசு, மேசை, மின்விசிறி ஆகியவற்றுக்குப் பழைய சாமான் வாங்குபவர் சொன்ன விலை 30,000. கட்டட உரிமையாளர் திருப்பித் தர வேண்டிய கடை அட்வான்ஸ் 1,00,000. மொத்தம் 2,91,400. இதிலிருந்து ஏஜென்சிகளுக்கும் மண்டிக்கும் கொடுக்க வேண்டிய 62,000 போனால், கல்லாவில் உள்ள ரொக்கம் நீங்கலாக 2,29,400 ரூபாய் மிஞ்சும். ஏஜென்சிகள் திரும்ப எடுக்கும் 18,000 ரூபாய்ச் சரக்கு மேலே சரக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், 62,000த்தை அப்படியே முழுதாகக் கழித்திருக்கிறது. திரும்பிய சரக்குக்கு ஏஜென்சி தரும் வரவுச் சீட்டை வாங்காமல் விட்டால் அந்த 18,000 வராத பணமாகிவிடும். சரக்கை வண்டியில் ஏற்றும்போதே சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

இருப்பு நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணியவரும் எழுதியவரும் கையெழுத்திட்டுத் தேதி போடுகிறார்கள். கொள்முதல் பில்கள், விற்பனைப் பில்கள், ஏஜென்சிகளின் வரவுச் சீட்டுகள், கடன் நோட்டு ஆகியவற்றோடு அதையும் கட்டி வைக்க வேண்டும். சரக்கு சேவை வரிச் சட்டப்படி, அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளைப் பாதுகாக்க வேண்டும். கடை இல்லாமல் போன பிறகும் ஆறு ஆண்டுகளுக்கு அந்தக் கட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், பழைய காகிதத்துக்குப் போடும் மூட்டையோடு அது சேர்ந்துவிடாதபடி தனியே எடுத்து வைப்பதே அன்றிரவு செய்ய வேண்டிய கடைசி வேலை.